18 மி.மீ. ஆனால் போதுமா? ஃபாலிகுலர் ஸ்கேன் கேள்வி பதில்

ஈரோட்டிலிருந்து: சிஸ்டர், மாதவிலக்கான 3ஆம் நாளிலிருந்து 5 நாள் முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட்டேன். 9ஆம் நாள் ஸ்கேனில் வலது பக்கச் சினைப்பையில் 11 மி.மீ. ஃபாலிக்கிள் ஒன்று, இடது பக்கம் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறதாம். "நாளை மறுநாள் வாங்க" என்று மட்டும் டாக்டர் சொன்னார். 11 ரொம்பக் குறைவா?

குறைவே இல்லை. ஸ்கேன் அறையில் டாக்டர் அளவைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது பல வருடங்களாக என் வேலை. முட்டை இருக்கும் நீர்ப்பைதான் ஃபாலிக்கிள். 10 மி.மீ.யைத் தாண்டி ஒன்று தனியாகத் தெரிந்தாலே, இந்த மாதம் முந்தப்போவது அதுதான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஏறத்தாழ நாளுக்கு 2 மி.மீ. வளரும். அந்தக் கணக்கில் 11ஆம் நாள் 15, 13ஆம் நாள் 19 பக்கம் வரும். நாளை மறுநாள் வரச் சொன்னது இதனால்தான். இன்றைய 11 என்ற எண்ணைவிட, அடுத்த முறை அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். 15இல் நின்றுவிட்டால் யோசிப்பார்கள், ஏறினால் தொடர்வார்கள்.

அதே ஈரோட்டுக்காரர், நான்கு நாள் கழித்து: 11ஆம் நாள் 15×14. இன்று 13ஆம் நாள் 20×17, கர்ப்பப்பை உள்சுவர் 8.6. இரவு 9 மணிக்கு முட்டை வெளியேற ஹெச்.சி.ஜி. ஊசி, 15ஆம் நாள் காலை 9 மணிக்கு விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. என்கிறார்கள். 20ஐ எடுத்துக்கொள்வதா, 17ஐ எடுத்துக்கொள்வதா?

இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், 18.5 வரும். அதுதான் அளவு. ஃபாலிக்கிள் எப்போதும் சரியான உருண்டையாக இருக்காது. பக்கத்தில் இன்னொன்று இருந்தாலோ சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலோ அமுங்கி நீள்வட்டமாகிவிடும். அதனால்தான் குறுக்கும் நெடுக்குமாக அளக்கிறார்கள், உள்வழி ஸ்கேனுக்கு முன் பாத்ரூம் போய்வரச் சொல்கிறார்கள். உள்சுவர் 7 மி.மீ.க்கு மேல், மூன்று கோடாகத் தெரிந்தால் பொதுவாகத் திருப்தியாகப் பார்ப்பார்கள், உங்களுடையது 8.6. ஊசிக்கும் ஐ.யு.ஐ.க்கும் நடுவே சரியாக 36 மணி நேரம் இருக்கிறது. ஊசியை 9 மணிக்கே போடுங்கள். சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குப் போடலாம் என்று தள்ளினால் கணக்கும் தள்ளிப்போகும்.

சேலத்திலிருந்து ஒரு கணவர்: நேற்று ஒரு சென்டரில் 17 என்றார்கள், இன்று வேறு சென்டரில் 16 என்கிறார்கள். என் மனைவிக்கு முட்டை சுருங்குகிறதா?

பெரும்பாலும் இல்லை. ஒரே ஃபாலிக்கிளை இரண்டு பேர் அளந்தாலே ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வரும். மெஷினும் மாறினால் கேட்கவே வேண்டாம். ஒரு சுற்று முழுவதும் ஒரே இடத்தில் பாருங்கள். நிஜமாகவே வெடித்து முட்டை வெளியேறியிருந்தால் 1 மி.மீ. குறைவதோடு நிற்காது. ஃபாலிக்கிள் காணாமல் போயிருக்கும், அல்லது ஓரம் கசங்கி, உள்ளே கலங்கலாகத் தெரியும். கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் நிற்கும். ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மதுரையிலிருந்து: 18 ஆனால் தானாக வெடித்துவிடும் என்று படித்தேன். அப்புறம் ஊசி எதற்கு? பில் ஏற்றத்தானே?

பாதி சரி. மருந்தில்லாத சுற்றில் தானாகத்தான் வெடிக்கும். ஆனால் ஒருவருக்கு 18இல், இன்னொருவருக்கு 24இல். வெடிக்கச் சொல்வது அளவு இல்லை, மூளையடியில் இருந்து வரும் எல்.ஹெச். ஹார்மோனின் திடீர் ஏற்றம். ஹெச்.சி.ஜி. ஊசி அந்த எல்.ஹெச்.சின் வேலையைச் செய்கிறது. போட்டபின் 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெளியேறும் என்று நாள் குறித்துக்கொள்ளலாம். வெளியே வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை என்பதால் ஐ.யு.ஐ.க்கு இது பெரிய உதவி.

மாதாமாதம் ஒழுங்காக முட்டை வெளியேறும் பெண், வீட்டிலேயே முயற்சி செய்கிறவர் என்றால் ஊசி அவசியமா என்று கேட்பது நியாயம்தான். விந்தணு உள்ளே சில நாள் தாங்கும், அவர்களுக்கு மணிக்கணக்கு தேவையில்லை. உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். எந்த அளவில் போடுவது என்பதிலும் ஒருமித்த கருத்து கிடையாது. லெட்ரோசோலில் 18இல் போடுகிறவர்களும் உண்டு, 20 வரை காத்திருப்பவர்களும் உண்டு. குளோமிஃபீன் என்ற இன்னொரு மாத்திரையில் இன்னும் கொஞ்சம் பெரிதாக விடுவார்கள். முன்னதாகப் போட்டால் முட்டை பழுக்காமல் இருக்கலாம்; ரொம்பத் தாமதித்தால் உடம்பே முந்திக்கொண்டு வெடித்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து: எனக்கு பி.சி.ஓ.டி. ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பில் தினமும் இரண்டு கோடு வருகிறது. ஸ்கேனில் 14ஆம் நாளும் எல்லாம் 7 மி.மீ.தான். ஸ்ட்ரிப்பே சொல்லும்போது ஸ்கேனை நம்புவதா?

உங்கள் விஷயத்தில் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும். பி.சி.ஓ.டி.யில் எல்.ஹெச். சாதாரண நாளிலேயே கூடுதலாக இருக்கலாம், ஸ்ட்ரிப் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் 7 மி.மீ. என்றால் இன்னும் எதுவும் கிளம்பவில்லை. அதனால் மாதம் போய்விட்டது என்று எழுதி வைக்காதீர்கள். 14ஆம் நாள் என்பது 28 நாள் சுற்றுக்கான கணக்கு. சிலருக்கு 18ஆம் நாளுக்கு மேல்தான் ஒன்று ஏறத் தொடங்கும். எத்தனை நாள் காத்திருப்பது, எப்போது மருந்தளவை மாற்றுவது என்பது டாக்டர் முடிவு.

தஞ்சாவூரிலிருந்து: எனக்கு 24 மி.மீ. முட்டை வந்தது. பெரிய முட்டை என்றால் குழந்தையும் நல்ல எடையோடு பிறக்குமா?

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஸ்கேனில் தெரிவது நீர் நிறைந்த பைதான். உள்ளே இருக்கும் முட்டை 0.1 மி.மீ. அளவுதான், அந்த மெஷினில் தெரியவே தெரியாது. அது நல்ல முட்டையா என்றும் ஸ்கேன் சொல்லாது.

கோவையிலிருந்து: நான்கு ஃபாலிக்கிள் வளர்ந்தது: 18, 17, 16, 16. சந்தோஷப்பட்டேன். டாக்டர் ஐ.யு.ஐ.யை ரத்து செய்து, இந்த மாதம் சேரவும் வேண்டாம் என்றுவிட்டார். நாலு இருந்தால் வாய்ப்பு அதிகம்தானே?

வாய்ப்போடு ஆபத்தும் அதிகம். நாலும் வெடித்தால் மூன்று, நான்கு கரு தங்கிவிடலாம். குறைமாதப் பிரசவமும் தாய்க்கு ரத்த அழுத்தமும் அங்கிருந்துதான் தொடங்கும். ஐ.வி.எஃப்.பில் முட்டைகளை வெளியே எடுத்து, கருவை எண்ணி வைக்கலாம். ஐ.யு.ஐ.யில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மூன்று இருந்தால் தொடர்வதா என்பதில் டாக்டர்களுக்குள் வேறுபாடு உண்டு. நாலுக்கு நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அடுத்த முறை மருந்தளவைக் குறைப்பார்கள்.

திருச்சியிலிருந்து: ஊசி போட்டு மூன்றாம் நாள் ஸ்கேனில் "வெடிக்கவில்லை, 27 மி.மீ." என்றார்கள். ஆனால் வீட்டில் பிரெக்னன்சி டெஸ்டில் மெல்லிய கோடு வருகிறது!

அந்தக் கோடு ஊசியுடையது. கர்ப்பப் பரிசோதனை தேடுவதும் அதே ஹெச்.சி.ஜி.யைத்தான். உடம்பிலிருந்து அது முழுதாகப் போகப் பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். வெடிக்காமலே வளர்வது சிலருக்கு ஏதோ ஒரு மாதம் நடக்கும். ஏன் என்று எல்லோருக்கும் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. அப்போதும் புரொஜெஸ்டிரோன் ஏறும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்து முட்டை வெளிவந்தது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த மாதவிலக்கு 2ஆம் நாள் ஸ்கேனில் அந்தப் பை கரைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே மாத்திரையைத் தொடங்குங்கள். அதற்குள் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.