கடைசி அடி எது? – கடிதம்

வணக்கம் சார்,

ஓட்டக்காரன் முதலில் பாதி தூரம் போக வேண்டும், அப்புறம் மிச்சத்தில் பாதி, அதிலும் பாதி... இப்படியே போனால் எப்படி எல்லைக் கோட்டைத் தொடுவான்? ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் "தொகை ஒன்று வந்துவிடும்பா" என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். கணக்கில் தப்பில்லை. ஆனால் முடிவே இல்லாத வரிசையை ஒருவன் எப்படி முடிக்கிறான் என்பது எனக்குப் பிடிபடவில்லை. என் மண்டையில்தான் ஏறவில்லையா, இல்லை, நிஜமாகவே ஏதோ பாக்கி இருக்கிறதா?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

பாக்கி இருக்கிறது. அரிஸ்டாட்டிலுக்கே அது உறுத்தியிருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் எலியாவில் வாழ்ந்த தத்துவவாதி ஜீனோவின் இந்தப் புதிர் நமக்குத் தெரிவதே பெரும்பாலும் அரிஸ்டாட்டில் வழியாகத்தான். 'இயற்பியல்' நூலின் 6ஆம் பாகத்தில் அவர் சொல்லும் பதில்: தூரத்தை எத்தனை துண்டாக்கினாலும் நேரத்தையும் அத்தனை துண்டாக்கலாம். 8ஆம் பாகத்தில் அவரே திரும்பி வந்து, அந்தப் பதில் கேட்டவருக்குப் போதும், விஷயத்துக்குப் போதாது என்கிறார்.

உங்கள் மகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர், நொடிக்கு 5 மீட்டர் வேகம். முதல் பாதிக்கு 10 நொடி, அடுத்ததற்கு 5, அப்புறம் இரண்டரை. பத்துத் துண்டு முடிந்ததும் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை; இருபது முடிந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மொத்தம் 20 நொடி என்றால் என்ன பொருள்? கூட்டிக்கொண்டே போனால் 20ஐ வேண்டுமளவு நெருங்கலாம், தாண்ட மாட்டோம். தொகைக்கு இப்படித் தெளிவான பொருள் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான்; 1821இல் வந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷியின் பாடநூல் அதில் ஒரு மைல்கல்.

துண்டுகள் சிறுத்துக்கொண்டே போவதால் தொகை அடங்கிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஓட்டக்காரனுக்குக் களைப்பு வரட்டும். முதல் பாதிக்கு 10 நொடி, அடுத்ததற்கு 5, மூன்றாவதற்கு 10ஐ 3 ஆல் வகுத்தது, நான்காவதற்கு 10ஐ 4 ஆல் வகுத்தது. நேரம் இங்கேயும் சிறுத்துக்கொண்டேதான் போகிறது. ஆனால் இந்தத் தொடரின் தொகை எந்த எண்ணையும் தாண்டிவிடும். அவன் கோட்டைத் தொடவே மாட்டான். ஆக, முடிவில்லாத துண்டுகள் இருப்பது மட்டுமே ஓட்டத்தைத் தடுப்பதில்லை. எவ்வளவு வேகமாக நேரம் சுருங்குகிறது என்பதுதான் பேச்சு. இவ்வளவு தூரம் மகள் சொன்னது சரி.

நீங்கள் கேட்பது அடுத்த கேள்வி. அதைக் கூர்மையாக்கியவர் தத்துவவாதி ஜேம்ஸ் தாம்சன், 1954இல். ஒரு விளக்கைக் கற்பனை செய்யச் சொன்னார். நம் நேரக்கணக்கிலேயே வைத்துக்கொள்வோம்: 10ஆவது நொடியில் சுவிட்சைத் தட்டுகிறோம், 15இல் மறுபடியும், பதினேழரையில் மறுபடியும். 20ஆவது நொடியில் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? ஒவ்வொரு முறை போட்டதும் அணைத்தாயிற்று, அணைத்ததும் போட்டாயிற்று. இரண்டில் எதையும் சொல்ல முடியவில்லை. அதனால் முடிவில்லாத செயல்களைச் செய்து முடிப்பது என்பதே முரண்பாடு என்றார் தாம்சன்.

1962இல் இன்னொரு தத்துவவாதி, பால் பெனசெராஃப், இதில் ஓட்டையைக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த பதில் இதுதான். தாம்சனின் கட்டளைகள் எல்லாமே 20ஆவது நொடிக்கு முன்னால் உள்ள நேரங்களைப் பற்றியவை. 20இல் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எரிந்தாலும் சரி, அணைந்திருந்தாலும் சரி, கட்டளை எதுவும் மீறப்படவில்லை. விடை தெரியாமல் போவது முரண்பாடு ஆகாது.

சரி, ஓட்டக்காரன் மட்டும் 20ஆவது நொடியில் கோட்டில்தான் இருப்பான் என்று எப்படித் துணிந்து சொல்கிறோம்? விளக்கு தாவுகிறது, ஓட்டக்காரன் தாவுவதில்லை. அவன் இருக்கும் இடம் விட்டுப்போகாமல் தொடர்ந்து மாறுகிறது. 20ஐ நெருங்க நெருங்க 100 மீட்டரை நெருங்குபவன், 20இல் வேறெங்கும் இருக்க வழியில்லை. கவனித்தீர்களா, இந்த உறுதி கூட்டலிலிருந்து வரவில்லை. அசைவுக்கு இடைவெளி கிடையாது என்று நாம் எடுத்துக்கொண்டதிலிருந்து வருகிறது. உங்கள் மகள் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

உங்கள் நெருடலுக்கு வேர் இன்னொன்று என்று நினைக்கிறேன். ஒரு வேலை முடிய வேண்டுமென்றால் அதில் கடைசி வேலை என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நம்புகிறோம். பத்து மூட்டை இறக்கினால் பத்தாவது மூட்டை உண்டு. ஆனால் ஜீனோவின் துண்டுகளில் கடைசித் துண்டு கிடையாது. 'முடித்தான்' என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான்: செய்யாமல் விட்ட துண்டு எதுவும் மிச்சமில்லை. எந்தத் துண்டை வேண்டுமானாலும் காட்டுங்கள், 20ஆவது நொடியில் அது அவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கும்.

புதிரைத் திருப்பிப் போட்டும் கேட்பதுண்டு. பாதி போகுமுன் கால் தூரம், அதற்கு முன் அரைக்கால். அப்படியானால் கிளம்புவதே எப்படி? அங்கே இல்லாமல் போவது முதல் துண்டு, அவ்வளவுதான். விசில் ஊதும் கணத்தில் தொடக்கக் கோட்டில் நிற்கிறான். அதற்குப் பின் எந்தக் கணத்தை எடுத்தாலும், அவன் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருக்கிறான்.