பில் தரவிலிருந்து அறிக்கை அட்டவணை அமைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பில்களை வைத்து பொருள், மாதம், பகுதி வாரியாக விற்பனையைப் பார்க்க வேண்டும். அட்டவணையை எப்படி அமைப்பது?

அறிக்கை அட்டவணை என்பது கூட்டிப் பார்ப்பதற்காகவே தனியாக வைக்கும் அட்டவணை. முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதுதான். பில்லுக்கு ஒரு வரிசை போதாது, ஒரே பில்லில் பல பொருட்கள் இருக்கும். பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை வையுங்கள்: தேதி, பில் எண், பொருள், பகுதி, எண்ணிக்கை, தொகை. மாதக் கூட்டுத்தொகையை மட்டும் சேமித்தால் பிறகு பிரிக்க முடியாது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியுமா?

பலர் சறுக்கும் இடம் வண்டி வாடகை. ஒரு பில்லில் சோப்பு ரூ.400, எண்ணெய் ரூ.600, வாடகை ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். வாடகையை இரண்டு வரிசையிலும் அப்படியே போட்டால், கூட்டும்போது ரூ.200 ஆகிவிடும். விலை விகிதப்படி ரூ.40, ரூ.60 என்று பிரித்துப் போடுங்கள். அப்புறம் ஒரு மாதத்தின் மொத்தத்தை பில்களின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் காரணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

பகுதியை விற்ற நாளில் இருந்தபடியே வரிசையில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால், வாடிக்கையாளர் மதுரையிலிருந்து கோவைக்கு மாறியதும் அவருடைய பழைய விற்பனையும் கோவைக் கணக்கில் போய்விடும்.

மாத வாரியாகப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி என்று தனித்தனி நெடுவரிசைகள் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, தேதி என்ற ஒரே நெடுவரிசையிலிருந்து மாதத்தை எடுத்துக்கொள்ளலாம்.