காய்ச்சாத பால்: சுத்தமாகக் கறந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: நான்கு பசுக்கள் வைத்திருக்கிறோம். எதற்கும் நோய் இல்லை. கை கழுவித்தான் கறக்கிறோம், வெள்ளைத் துணியில் வடிகட்டுகிறோம். அருகில் உள்ள ஒரு குடும்பம் தங்கள் 3 வயதுக் குழந்தைக்குக் காய்ச்சாத பால்தான் வேண்டும் என்கிறது. ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டுக் கொடுக்கலாமா? இன்னும் சுத்தமாகக் கறக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தக் குழந்தைக்குக் காய்ச்சாத பால் வேண்டாம். சோதனை அறிக்கை நன்றாக வந்தாலும், கறவை முறையை எவ்வளவு திருத்தினாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் தொழுவத்தில் நீங்கள் காட்டும் கவனம் வீண் போகாது. அது கிருமியின் அளவைப் பெரிதும் குறைக்கும். பூஜ்யமாக்குவது சூடு மட்டும்தான்.

மாடு ஆரோக்கியமாக இருந்தால் பாலும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் பாதி மட்டுமே சரி. புரூசெல்லா, மாட்டுக் காசநோய், மடிநோய்க் கிருமிகள் ஆகியவை மடிக்குள்ளிருந்தே பாலில் கலக்கக்கூடியவை. அவற்றைக் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் தடுப்பூசியும் பெருமளவு கட்டுக்குள் வைக்கும். மற்றக் கிருமிகள் சாணத்திலிருந்து வருகின்றன. ஈ.கோலை ஓ157, கேம்பைலோபேக்டர், சால்மோனெல்லா ஆகியவை நல்ல தீனி தின்று நன்றாகக் கறக்கும் மாட்டின் குடலிலும் இருக்கலாம். ஓ157 சுரக்கும் நச்சு பற்றிக்கொள்ளும் இடம் மனிதச் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உண்டு. மாட்டின் ரத்தக் குழாய்களில் இல்லை. அதனால் மாடு சோர்வதும் இல்லை, தீனி குறைப்பதும் இல்லை. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ஒரு கறவையை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஓ157-ஐ அதிகமாக வெளியேற்றும் ஒரு மாட்டின் சாணத்தில் ஒரு கிராமுக்கு 10,000 கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். காம்பில் ஒட்டிய சாணம் 1 கிராம், அதாவது ஒரு சிறு துணுக்கு, 10 லிட்டர் பாலில் விழுகிறது. ஒரு மில்லிக்கு ஒரு கிருமி ஆகிறது. 200 மில்லி தம்ளரில் 200 கிருமிகள். இந்த வகை ஈ.கோலையில் 100-க்கும் குறைவான எண்ணிக்கையே நோய் உண்டாக்கப் போதும். பாலின் நிறம், மணம், சுவை எதுவும் மாறியிருக்காது.

வடிகட்டும் துணி இங்கே உதவாது. அது சாணத் துணுக்கைப் பிடிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பாக்டீரியா துணியைத் தாண்டிப் போய்விடும். துணியில் தங்கிய துணுக்கின் மேல் தொடர்ந்து பாலை ஊற்றும்போது அதிலுள்ள கிருமிகளும் கழுவப்பட்டுக் கீழே இறங்குகின்றன. வடிகட்டியில் அழுக்குத் தெரிந்தால், கறப்பதற்கு முன் மடியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்யும் கருவியாக நினைக்காமல் எச்சரிக்கையாகப் படியுங்கள்.

குழந்தைக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் 3 அல்லது 4 நாள் கழித்துக் கடும் வயிற்று வலி, பிறகு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. இந்த இடைவெளியால்தான் பலர் பாலைச் சந்தேகிப்பதே இல்லை. நிறையப் பேருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் 5 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு, சில சமயம் அதற்கு மேலும், நச்சு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வயிற்றுப்போக்கு தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், அது அடங்குவதுபோல் தோன்றும் நேரத்தில் இது வரும். முகம் வெளிறுவது, சிறுநீர் குறைவது, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை அடையாளங்கள். இப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சாத பால் குடித்ததையும் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் இந்த நோயில் நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால் வீட்டில் தாமாகக் கொடுக்கக் கூடாது.

வாடிக்கையாளர்களில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்கும் இதே மறுப்புதான். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்ப்பெட்டிக்குள்ளும் மெதுவாகப் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும் தொற்றே கருவைக் கலைத்துவிடலாம்.

ஆய்வக அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நோய்க்கிருமி சோதனைக்கு வழக்கமாக 25 மில்லி பால் எடுப்பார்கள். உங்கள் பாலில் 100 மில்லிக்கு ஒரு கிருமி இருக்கிறது என்று வையுங்கள். அந்த 25 மில்லியில் அது சிக்காமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று. அறிக்கை ‘இல்லை’ என்று வரும். அதே பாலைத் தினமும் குடிப்பவருக்குக் கிருமி போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். மாடு ஓ157-ஐ எல்லா நாளும் வெளியேற்றுவதும் இல்லை. சில வாரம் இருக்கும், பிறகு மறையும், மீண்டும் வரும். அதனால் போன மாத அறிக்கை இன்றைய பாலுக்குச் சான்று ஆகாது.

மொத்த பாக்டீரியா எண்ணிக்கையையும் கோலிஃபார்ம் எண்ணிக்கையையும் மாதாமாதம் பார்ப்பது பயனுள்ளது, ஆனால் வேறு காரணத்துக்காக. கோலிஃபார்ம் ஒரு மில்லிக்கு 10-க்குக் கீழே நின்றால் கறவை சுத்தமாக நடக்கிறது. திடீரென ஏறினால் சாணம் கலக்கிறது, அல்லது பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை. வேலையைத் திருத்த இந்த எண் போதும். குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற முடிவை இதை வைத்து எடுக்க முடியாது.

கறவையில் திருத்த வேண்டியது

முதலில் படுக்கும் இடம். மாடு ஈரத்திலும் சாணத்திலும் படுத்து எழுந்தால் கறவை நேரத்தில் எவ்வளவு துடைத்தாலும் பின்தங்கித்தான் இருப்பீர்கள். மடியில் நீண்டு தொங்கும் முடியைக் கத்தரித்துவிடுங்கள்.

கறக்கும்போது பலர் செய்யும் தவறு மடி முழுவதும் தண்ணீர் ஊற்றுவது. அந்த அழுக்குத் தண்ணீர் வழிந்து காம்பின் நுனியில் சேர்ந்து, பாலோடு கேனில் சொட்டுகிறது. மடி காய்ந்திருந்தால் காம்புகளை மட்டும் சுத்தம் செய்தால் போதும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் 3, 4 பீச்சலைக் கறுப்பு அடித்தட்டுள்ள கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிப்பு, நீர்த்தன்மை, ரத்தம் தெரிந்தால் மடிநோய்; அந்தப் பாலைத் தனியாக ஒதுக்க வேண்டும். பிறகு காம்பு நனைப்புக்கென்றே விற்கும் அயோடின் கரைசலில் காம்பை நனைத்து, முழுதாக 30 விநாடி விட்டு, காய்ந்த துணியால் நுனி வரை துடையுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியை நான்குக்கும் பயன்படுத்தினால் முதல் மாட்டின் மடிநோயை நீங்களே மற்ற மூன்றுக்கும் கொடுக்கிறீர்கள். அவசரத்தில் விட்டுப்போவது அந்த 30 விநாடிதான்; அதை விட்டால் மருந்து வேலை செய்யும் முன்பே துடைத்து எடுத்துவிடுகிறீர்கள்.

கறந்து முடிந்ததும் மீண்டும் ஒருமுறை நனையுங்கள். அரை மணி நேரமாவது மாடு படுக்காதபடி தீனி போட்டு நிறுத்துங்கள். காம்பின் துளை அதுவரை முழுதாக மூடியிருக்காது.

குளிர வைப்பது

பால் மடியிலிருந்து ஏறக்குறைய 38 டிகிரியில் வருகிறது. அந்த வெதுவெதுப்பில் பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்தால் 3 மணி நேரத்தில் 64 மடங்காகும். அதனால் 2 மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். 10 லிட்டர் கேனை அப்படியே குளிர்ப்பெட்டியில் வைத்தால் இது நடக்காது. வெளிப்புறம் ஜில்லென்று இருக்கும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் கேனை, பாலின் மட்டம் வரை மூழ்கும்படி வையுங்கள். 10 லிட்டர் பாலைக் குளிர்விக்க மட்டும் 4 கிலோ பனிக்கட்டி உருகும். தொட்டியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரும் 25 டிகிரியில் இருந்தால் அதற்கு இன்னொரு 3 கிலோ. வெளிச்சூட்டையும் சேர்த்து 9 அல்லது 10 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கரண்டியால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாலைக் கலக்குங்கள். வெப்பமானியைக் கேனின் நடுவில் விட்டுப் படியுங்கள். காலைப் பாலோடு மாலைச் சூட்டுப் பாலைக் கலக்காதீர்கள்.

பாத்திரம்

பாத்திரத்தில் பால் காய்வதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் புரதம் சுவரில் படிந்துவிடும். பிறகு சூடான தண்ணீரும் பால் பாத்திரச் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, கவிழ்த்துக் காயவிட வேண்டும். அடுத்த கறவைக்குச் சற்று முன் குளோரின் கரைசல்: 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 20 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம் கிடைக்கும். 2 நிமிடம் விட்டு வடித்துவிடுங்கள். அழுக்கு மிச்சமிருக்கும் பாத்திரத்தில் குளோரின் அந்த அழுக்கோடு சேர்ந்தே செலவாகிவிடும். பால் உப்புப் படிவைக் கரைக்க அமிலம் பயன்படுத்தினால், அதையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள்; நச்சு வாயு வரும்.

கறவை இயந்திரம் இருந்தால் ரப்பர் குழாய்களின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால் கிருமிப் படலம் உருவாகியிருக்கிறது. விரிசல் விட்ட ரப்பரை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, மாற்ற வேண்டும்.

அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்வது

காய்ச்சினால் சத்து போய்விடும் என்பதுதான் அவர்கள் கவலையாக இருக்கும். கால்சியமும் புரதமும் குறைவதில்லை. சில பி வைட்டமின்களும் வைட்டமின் சியும் ஓரளவு குறையும். வைட்டமின் சிக்குப் பால் எப்போதுமே முக்கிய ஆதாரம் இல்லை.

அதிகம் கொதிக்க வைக்க விருப்பமில்லை என்றால் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலே போதும். வெப்பமானி கட்டாயம் வேண்டும். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 63-க்குக் கீழே இறங்கினால் 30 நிமிடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். மேலே நிற்கும் நுரை பாலைவிடக் குளிர்ந்திருக்கும், அதில் கிருமி பிழைக்கலாம். நுரையை எடுத்துவிடச் சொல்லுங்கள். வெப்பமானி இல்லாத வீட்டில் பால் பொங்கி வரும் வரை காய்ச்சுவதே நல்லது.

இரண்டு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல மணி நேரம் வெளியில் கிடந்த பாலைப் பிறகு காய்ச்சினாலும், ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சு சூட்டில் அழியாது. அப்படிப்பட்ட பாலைக் கொட்டிவிட வேண்டும். காய்ச்சாத பாலில் தோய்த்த தயிரும் பாதுகாப்பானதல்ல, ஏனென்றால் ஓ157 புளிப்பைத் தாங்கும். காய்ச்சிய பாலை, பச்சைப்பால் இருந்த பாத்திரத்திலோ அதே கரண்டியாலோ மீண்டும் தொடக் கூடாது என்பதையும் பால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.