விருந்தினரிடம் "டூ யூ லைக் டீ?" என்று கேட்கலாமா?

கேள்வி: வீட்டுக்கு வந்தவரிடம் டீ வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்க "டூ யூ லைக்" சரியா, "வுட் யூ லைக்" சரியா?

"வுட் யூ லைக் சம் டீ?" என்பதுதான் உபசரிப்பு. இப்போது கொஞ்சம் தரட்டுமா என்று அர்த்தம். "டூ யூ லைக் டீ?" என்பது அவருக்குப் பொதுவாக டீ பிடிக்குமா என்று விசாரிப்பது மட்டுமே.

கல்யாணப் பந்தியில் வாளியோடு வருபவர் "சாம்பார் போடட்டுமா?" என்றுதான் கேட்பார். "சாம்பார் பிடிக்குமா?" என்று கேட்டால், பிடிக்கும் என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். வந்த பதிலைக் கேட்டாலே எது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். "யெஸ், ப்ளீஸ்" அல்லது "நோ, தேங்க்ஸ்" என்றால் உபசரிப்பாக எடுத்துக்கொண்டார். "யெஸ், ஐ டூ" என்றால் தன் விருப்பத்தைச் சொல்கிறார், டீ கேட்கவில்லை. அப்புறம் "வுட் யூ லைக் எ கப்?" என்று தொடர்ந்தால் போதும். உண்மையில், புதிதாக வந்தவருக்கு டீயா காபியா என்று தெரியாதபோது இந்த வரிசை நல்லதுதான்.

"வுட்" என்றதும் இறந்தகாலம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது காலத்தைக் காட்டவில்லை, மறுக்கவும் இடம்விட்டுக் கேள்வியை மென்மையாக்குகிறது.