வலமிருந்து இடம்: உளி செய்த வேலையா?

அன்புள்ள ஐயா,

அரபு, எபிரேய எழுத்துகள் ஏன் வலமிருந்து இடமாகப் போகின்றன என்று என் மகன் கேட்டான். "அந்தக் காலத்தில் கல்லில் செதுக்கினார்கள். வலக்கையில் சுத்தி, இடக்கையில் உளி. அப்படிப் பிடித்தால் வலப்பக்கம் தொடங்குவதுதான் வசதி" என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "நம்மவர்களும் கல்லில்தானே வெட்டினார்கள், நாம் ஏன் இடமிருந்து எழுதுகிறோம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டான். பதில் இல்லை. எழுத்து எப்படித் தோன்றியது, அதற்குத் திசை எப்போது வந்து சேர்ந்தது?

செல்வராணி

அன்புள்ள செல்வராணி அவர்களுக்கு,

உங்கள் மகனின் மறுகேள்வியிலேயே உளி விளக்கம் உடைந்துவிட்டது. எழுத்து பிறந்தபோது அதற்குத் திசையே கிடையாது. அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

இன்றைய இராக்கின் தெற்கில் இருந்த ஊருக் நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகள், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. காலம் ஏறக்குறைய கி.மு. 3300 - 3200. அவற்றில் பெரும்பாலானவை கணக்குகள்: இவ்வளவு வாற்கோதுமை, இவ்வளவு ஆடு. பலகையைக் கோடு கிழித்துக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் எண்ணிக்கைக் குறிகளும் பொருளின் குறியும் இருக்கும். எது முன், எது பின் என்ற ஒழுங்கு அங்கே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று குழிகளும் ஆட்டுக் குறியும் எந்த வரிசையில் இருந்தாலும் அது மூன்று ஆடுதான்.

சிக்கல் ஆளின் பெயரை எழுத வரும்போதுதான். ஆட்டைக் குறியால் காட்டலாம், பெயரை எப்படிக் காட்டுவது? வழி, ஒலியைக் கடன் வாங்குவது. தமிழில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தைப் படி என்பதில் வரும் 'படி'யை வரைய முடியாது, ஆனால் மாடிப்படியை வரைய முடியும். படிக்கட்டுப் படத்தைப் போட்டுவிட்டு, படத்தை மறந்து ஒலியை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டால், எழுத்து படத்திலிருந்து விடுபட்டுவிட்டது. ஊருக் பகுதியில் வாழ்ந்த சுமேரியர் செய்தது இதுதான். அவர்கள் மொழியில் அம்புக்கு 'தி' என்று பெயர். உயிர், வாழ்வு என்ற சொல்லும் ஏறக்குறைய அதே ஒலி. வரைய முடியாத வாழ்வுக்கு அம்பின் படத்தைப் போட்டார்கள்.

இப்படி ஒலிகளை அடுக்கிச் சொல்லாக்கத் தொடங்கிய பிறகுதான் வரிசை தேவைப்படுகிறது. பேச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது பலகையிலும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். திசை என்பது எழுத்து பேச்சைப் பின்தொடரத் தொடங்கியதன் விளைவு. ஆனால் ஏதாவது ஒரு திசை போதும், அது எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல.

எகிப்தியரின் பட எழுத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை வலமிருந்தும் எழுதலாம், இடமிருந்தும் எழுதலாம், மேலிருந்து கீழாகவும் எழுதலாம். எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்று தெரிய, பறவையோ மனிதனோ எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்று பாருங்கள். முகம் இருக்கும் பக்கம்தான் வரியின் தொடக்கம், அதாவது உருவங்களை எதிர்கொண்டு போக வேண்டும். வாசலின் இரு நிலைகளிலும் ஒரே வாசகத்தை எதிரெதிராக வெட்டி அழகு பார்த்திருக்கிறார்கள். அப்படிச் சிறப்புக் காரணம் ஏதும் இல்லாதபோது அவர்கள் வழக்கம் வலமிருந்து இடம். அன்றாடக் கணக்குக்கும் கடிதத்துக்கும் பயன்பட்ட ஹைராட்டிக் என்ற விரைவெழுத்து, எப்போதுமே வலமிருந்து இடம்தான். அதை எழுதியது பாப்பிரஸ் தாளில், நாணல் தூரிகையால், மையில். உளிக்கும் சுத்திக்கும் அங்கே வேலையே இல்லை.

அடுத்த கட்டம் சினாய் பாலைவனத்தில் நடக்கிறது. செராபித் எல் காதிம் என்ற இடத்தில் எகிப்தியரின் நீலப்பச்சைக்கல் சுரங்கம் இருந்தது. அங்கே 1905-இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, எகிப்திய எழுத்து போலத் தோன்றியும் எகிப்திய மொழியாக வாசிக்க முடியாத பொறிப்புகளைக் கண்டெடுத்தார். மொத்தம் முப்பதுக்குள் அடங்கும் குறிகள். எகிப்தியருக்கோ பல நூறு குறிகள் உண்டு. முப்பது குறிகள் என்றால் ஒரு குறி ஓர் ஒலி என்றுதான் இருக்க வேண்டும். 1916-இல் எகிப்திய எழுத்து அறிஞர் ஆலன் கார்டினர் இந்தப் புதிரைத் திறந்தார். அங்கே கிடைத்த சிறிய மணற்கல் ஸ்பிங்க்ஸ் சிலை ஒன்றில் எகிப்திய எழுத்தும் இருந்தது, புதிய எழுத்தும் இருந்தது. திரும்பத் திரும்ப வந்த நான்கு குறிகள்: வீடு, கண், மாட்டுக்கோல், சிலுவைக் கோடு. அரபு, எபிரேயம் அடங்கிய செமித்திய மொழிக் குடும்பத்தில் வீட்டுக்கு 'பேத்', ஆகவே ப். கண் 'அயின்', தொண்டையில் எழும் ஒரு மெய். மாட்டுக்கோல் 'லாமத்', ல். சிலுவைக் கோடு 'தாவ்', த். சேர்த்தால் 'பாலத்', தலைவி என்று பொருள். அதே சிலையின் எகிப்திய வரி, நீலப்பச்சைக்கல்லின் தலைவியான ஹாத்தோர் தெய்வத்தைச் சொல்கிறது. பூட்டும் சாவியும் பொருந்திவிட்டன.

பொருளின் படத்தைப் போட்டு, அதன் பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வது என்ற இந்த ஒரே உத்தியிலிருந்துதான் அரபு, எபிரேய, கிரேக்க, லத்தீன் எழுத்துகள் அத்தனையும் கிளைத்தன. சினாய்ப் பொறிப்புகளுக்கும் உறுதியான திசை இல்லை. மேலிருந்து கீழாகவும் வருகின்றன, இரு பக்கமும் ஓடுகின்றன. இதே மரபு, இன்றைய லெபனான் கடற்கரையில் இருந்த ஃபினீசியரின் துறைமுக நகரங்களில், கி.மு. 11-ஆம் நூற்றாண்டு வாக்கில், 22 எழுத்துகளாக ஒழுங்குபட்டு நிற்கும்போதுதான் திசையும் வலமிருந்து இடம் என்று உறைகிறது. அவர்களிடமிருந்து அரமேயர், அரமேயத்திலிருந்து எபிரேயரின் சதுர எழுத்து, இன்னொரு கிளையாக நபத்தேயர் வழியே அரபு. கற்றுக்கொடுத்தவர் எழுதிய பக்கத்திலேயே கற்றுக்கொண்டவரும் எழுதினார்.

உறைந்தது ஏன் அந்தப் பக்கம்? பக்கத்திலேயே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மையால் வலமிருந்து எழுதிவந்த எகிப்தியரின் பழக்கம் தொற்றிக்கொண்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதற்கு நல்ல எதிர்ச்சான்று உகாரித். இன்றைய சிரியாக் கடற்கரையில் இருந்த அந்த நகரத்தார் பேசியதும் ஃபினீசியத்துக்கு உறவான மொழி. 30 எழுத்துகள் கொண்ட அவர்கள் நெடுங்கணக்கின் வரிசையும் அதே வழி வந்ததுதான். ஆனால் அவர்கள் எழுதியது, ஊருக் இருந்த மெசபட்டோமியாவின் மக்களைப் போலக் களிமண்ணில், ஆப்பு வடிவக் குறிகளால். ஆகவே திசையும் மெசபட்டோமியருடையது: இடமிருந்து வலம். எழுத்துமுறை ஓர் இடத்திலிருந்தும், எழுதும் பழக்கம் இன்னோர் இடத்திலிருந்தும் வரலாம்.

கிரேக்கர் கதை இன்னும் சுவையானது. அவர்கள் ஃபினீசியரிடம் எழுத்தை வாங்கியபோது திசையையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். ஏதென்ஸில் கிடைத்த டிப்பிலோன் மதுக்குடம், ஏறக்குறைய கி.மு. 740. நன்றாக ஆடுகிறவனுக்குப் பரிசு என்ற பொருளில் அதில் கீறிய வரி வலமிருந்து இடமாக ஓடுகிறது. பிறகு ஒரு கட்டத்தில், ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்த வரி இடமிருந்து வலம் என்று எழுதினார்கள். உழுகிற மாடு சாலின் கோடியில் திரும்பி அடுத்த சாலில் வருவதுபோல என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். கிரீட் தீவில் கோர்த்தின் நகரச் சட்டம், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சுவரில் வெட்டியது, அப்படித்தான் இருக்கிறது. வரி திரும்பும்போது ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக்கொள்ளும்.

லத்தீன் E-ஐ எடுத்துப் பாருங்கள். ஃபினீசியத்தில் அதன் மூன்று கைகளும் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன, வரி போகும் பக்கம். K-யின் கைகளும் அப்படியே. இடமிருந்து வலம் நிலைபெற்றபோது இரண்டும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டன. கைகள் இன்றும் வரி போகும் பக்கமே நீட்டுகின்றன. கிரேக்கர் இப்படி மாறியபோதும் கல்லில்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உளி அதே உளி, வலக்கையும் அதே வலக்கை. உளி விளக்கத்துக்கு நான் வைக்கும் முதன்மையான மறுப்பு இதுதான்.

இரண்டாவது மறுப்பு ஒரே அரசனுடையது. எத்தியோப்பியாவின் அக்சும் நகரில், கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ஏசானா மன்னன் தன் வெற்றியைக் கல்லில் பொறித்தான். ஒன்று கிரேக்கத்தில். இன்னொன்று அவன் மொழியான கீஸில், கீஸ் எழுத்தில், இடமிருந்து வலம். மூன்றாவதும் கீஸ் மொழியே, ஆனால் தென் அரேபிய எழுத்தில், வலமிருந்து இடம். அரசன் ஒருவன், மொழி ஒன்று, ஊடகமும் கல். திசை மட்டும் எழுத்தோடு மாறுகிறது.

வாசிக்க முடியாத எழுத்தின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று உங்கள் மகன் அடுத்துக் கேட்பான். சிந்துவெளி எழுத்தே உதாரணம். காலிபங்கனில் கிடைத்த பானை ஓட்டில் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பின்னால் கீறியது முன்னால் கீறியதை வெட்டிக்கொண்டு போகும். அங்கே இடப்பக்கக் குறியின் கீறல்கள் வலப்பக்கக் குறியை வெட்டியிருந்தன. ஆகவே வலப்பக்கக் குறிதான் முதலில் எழுதப்பட்டது. இதைத் தொல்லியலாளர் பி. பி. லால் 1966-இல் விளக்கினார். முத்திரைகளைப் பதித்துப் பார்த்தால் வலப்பக்கம் தாராளமாகவும் இடக்கோடியில் நெருக்கியடித்தும் குறிகள் வருவதும் இதையே சொல்கிறது. இடம் போதாமல் போவது வரியின் கடைசியில்தானே.

பதித்துப் பார்த்தால் என்று சொன்னது முக்கியம். முத்திரையில் வெட்டியது பதிவில் தலைகீழாக, அதாவது இடம்வலமாக மாறி விழும். முத்திரையையே பார்த்து வாசித்தால் திசை பிசகிவிடும். இதே பிசகு பெரிய அறிஞர் ஒருவரையும் சறுக்கவைத்தது. மத்திய இந்தியாவில் எரான் என்ற ஊரில் கிடைத்த ஒரு காசில், நம் எழுத்துகளுக்கு மூதாதையான பிராமி எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. பிராமி செமித்திய எழுத்திலிருந்து வந்தது என்று நிறுவ முயன்ற ஜார்ஜ் பியூலர், பிராமியும் ஒரு காலத்தில் வலமிருந்துதான் எழுதப்பட்டது என்பதற்கு அந்தக் காசைச் சான்றாகக் காட்டினார். ஆனால் காசு அடிக்கும் அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். அச்சு வெட்டியவன் நேராகவே வெட்டிவிட்டால், காசில் வரி மட்டுமல்ல, ஒவ்வொரு எழுத்துமே கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் காசை அச்சுக்காரனின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவைத்தார்கள்.