வில்லன் இல்லாத நாவலில் எதிரி யார்?

அன்புள்ள ஐயா,

கடலூரில் நாங்கள் சிலர் மாதந்தோறும் ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறோம். இம்முறை ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. கதாநாயகி கங்காவைக் கெடுத்த பிரபுவைப் பரிதாபத்துக்குரியவனாகக் காட்டியது ஆசிரியரின் பலவீனம் என்றார் ஒரு நண்பர். பிறகு அவளுக்கு ஆதரவளித்த வெங்கு மாமாதான் வில்லன் என்றார் இன்னொருவர். தனி ஒருவர் அல்ல, சமூகமே எதிரி என்று நான் சொன்னேன். “எல்லாரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றுதானே ஆகிறது?” என்று மடக்கிவிட்டார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., கடலூர்

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் எழுப்பிய கேள்விக்கு அந்த நாவலை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்வது கடினம். அதற்கு முன் 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு எப்படித் திரும்புகிறது என்று ஓர் எழுத்தாளரே எழுதிப் பார்த்த அரிய வாய்ப்பு இந்த இரண்டிலும் நமக்குக் கிடைக்கிறது.

சிறுகதையில், மழை பெய்யும் மாலையில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், அவனால் கெடுக்கப்பட்டு, கலங்கிப்போய் வீடு திரும்புகிறாள். நடந்ததைக் கேட்ட தாய் அலறி அவளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கிறார்கள். அந்தக் கணத்தில் தாய் சுதாரித்துக்கொண்டு, மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டுகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். பலரும் அந்தத் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ கதையின் அச்சாணி அந்தப் பொய்யில் இருப்பதாகவே தோன்றுகிறது. விசாரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அலறல் கேட்டால் எந்த ஒண்டுக்குடித்தனத்திலும் யாரும் கேட்பதைத்தான் அவர்களும் கேட்டார்கள். ஆனாலும், அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முடிந்தது என்பது தாய்க்குத் தெரியும்.

நாவலில் அந்த மறைப்பு நடக்கவில்லை. தாய் கனகத்தின் அலறல் வீட்டையும் அண்டை அயலையும் எட்டிவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கை கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். வெங்கு மாமாவின் ஆதரவில் அவள் படித்து, வேலைக்குப் போய், தாயோடு தனியே வாழ்கிறாள். இப்போது ஒவ்வொருவராக நீக்கிப் பாருங்கள். காரில் வந்த பிரபு அன்று மாலையோடு கதையிலிருந்து போய்விட்டவன். அவள் வீடிழந்ததும் உறவிழந்ததும் அவன் இல்லாத ஆண்டுகளில் நடந்தவை. கணேசன் கொஞ்சம் இளகிய மனத்தவனாக இருந்திருந்தாலும், ஊருக்குத் தெரிந்த பிறகு தன் குடும்பத்துக்கு வரும் பேச்சை அவனால் தாங்கியிருக்க முடியாது. வெங்கு மாமா இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொரு உறவினர் இருந்திருப்பார். யாரை நீக்கினாலும் விளைவு பெரிதாக மாறவில்லை என்றால், அந்தக் கதையின் எதிரி ஒரு பாத்திரமாக இல்லை என்று முடிவு கட்டலாம். விளைவை மாற்றக்கூடியதாக மிஞ்சுவது ஒன்றுதான்: அக்கம்பக்கத்துக்குத் தெரிந்ததா, இல்லையா.

“யாரும் குற்றவாளி இல்லை” என்ற முடிவை நான் ஏற்காததற்கும் இதே ஜோடிதான் காரணம். இரண்டு தாய்மாருக்கும் அச்சம் ஒன்று, வளர்ப்பு ஒன்று, அக்கம்பக்கமும் ஏறக்குறைய ஒன்று. ஒருத்தியால் அந்த நெருக்கடியிலும் பொய் சொல்ல முடிந்தது, இன்னொருத்தியால் முடியவில்லை. ஆகவே வேறு வழி இருந்தது. ஜெயகாந்தன் இதை நாவலுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார்: ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக அந்தச் சிறுகதையே நாவலில் வருகிறது, கங்கா அதைத் தன் தாயிடம் படிக்கக் கொடுக்கிறாள். இதைவிடக் கூர்மையான குற்றப்பத்திரிகை இருக்க முடியுமா? ஊர் அழுத்தியது என்பது கனகத்தின் செயலை விளக்குகிறது. விளக்கம் கிடைத்த பிறகும், நீ ஏன் அந்தத் தாயைப் போலச் செய்யவில்லை என்ற மகளின் கேள்வி அப்படியே நிற்கிறது. மாற்று வழியே காட்டாமல் எழுதப்படும் நாவலில்தான் சமூகம் விதியாக மாறி, எல்லாரும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

வெங்கு மாமாவை வில்லன் என்ற நண்பர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அவர் கங்காவைத் தகாத எண்ணத்தோடு அணுகுபவர், அதை சாஸ்திரம் பேசி மூடுபவர். அவர்மீது எனக்குத் துளி இரக்கமும் இல்லை. ஆனால் அவருடைய பிடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மற்ற கதவுகளெல்லாம் அடைக்கப்பட்டதால்தான் அவர் திறந்துவைத்த ஒரே கதவு அவளுக்கு வேண்டியிருந்தது. அவளைப் படிக்கவைத்தவரும் அவரே என்பதால், அவரை முழுவதும் வெறுத்து ஒதுக்கும் வசதிகூட அவளுக்கு இல்லை. வில்லன் என்றால் அவனை வீழ்த்தியதும் கதை முடிய வேண்டும். கங்கா மாமாவை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்ட பிறகும் அவளுடைய சிக்கல் தீரவில்லை.

ஏனென்றால் அது அதற்குள் அவள் மனத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. முடிந்தால் அவனையே தேடிப் பிடி என்று மாமா விட்ட சவாலை ஏற்று அவள் பிரபுவைக் கண்டுபிடிக்கிறாள். இருவருக்கும் இடையே இருப்பது நட்புதான். ஆனாலும் ஊர் தன்னை அவனுடைய வைப்பு என்று நினைப்பதை அவள் மறுப்பதில்லை, ஒருவகையில் அதை விரும்பியே ஏற்கிறாள். தன்னைத் தண்டித்த ஊரின் கணக்குக்குப் பொருந்தும் ஒரு பெயரை அவளே எடுத்து அணிந்துகொள்கிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலின் மிகக் கொடுமையான பகுதி இதுதான். அங்கே அவளை விரட்ட வெளியிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

இடையில் ஒன்று. உங்கள் ஊரில், திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் ‘பொன்னகரம்’ கதையின் முடிவில் கற்பு பற்றிப் பேசுவோரை நோக்கி நேரடியாகவே சீறுகிறார். நான்கைந்து பக்கக் கதையில் ஆசிரியரே கூண்டிலேற்றிக் கேட்பது எடுபடுகிறது. அதே சீற்றத்தை நானூறு பக்கத்துக்கு நீட்டினால் அது மேடைப்பேச்சாகிவிடும். இவ்வகை நாவல்கள் தோற்கும் இடமும் அதுதான்: ‘சமூகம்’ என்ற சொல்லைப் பாத்திரங்களே அடிக்கடி சொல்லத் தொடங்கும்போது, அந்தச் சமூகம் என்ன செய்தது, எந்த வாசலில் நின்று என்ன கேட்டது என்பதைக் காட்ட ஆசிரியர் மறந்துவிட்டார் என்று நான் ஐயப்படுவேன். உங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனுக்கும் மேடைப்பேச்சு மோகம் உண்டு. இந்த நாவலிலும் சில பக்கங்கள் அப்படி நீளுகின்றன.

பிரபுவைப் பற்றிய குறைக்கு வருகிறேன். அவன் செய்தது குற்றம் இல்லை என்று நாவல் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அவனை ஒரு கொடியவனாக வரைந்திருந்தால், வாசகர் தம் வெறுப்பு முழுவதையும் அவன்மீது கொட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்பார். கணேசனும் கனகமும் அண்டை வீட்டாரும் கண்ணிலிருந்து மறைந்திருப்பார்கள். மனைவியும் மகளும் மதிக்காத, பணத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மனிதனாக அவனைக் கொண்டுவந்து நிறுத்தியதால், வெறுப்பதற்கு ஆள் கிடைக்காமல் நாம் திரும்பிப் பார்க்க வேண்டியதாகிறது. அடுத்த கூட்டத்தில் ‘அக்கினிப் பிரவேச’த்தை உரக்கப் படித்துவிட்டு, அக்கம்பக்கத்தார் வந்து கேட்கும் இடத்தில் நிறுத்தி, நாமாக இருந்தால் என்ன கேட்டிருப்போம் என்று உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து