நாட்டோ காப்ஸ்யூலும் வால்வு மாத்திரையும்

கேள்வி: வயது 58. இதயத்தில் உலோக மைட்ரல் வால்வு வைத்து 6 வருடமாகிறது, அசிட்ரோம் சாப்பிடுகிறேன். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரை ரத்தக்குழாயை அடைக்கும், வைட்டமின் கே2 சேர்த்தால் எலும்புக்குப் போய்விடும் என்று யூடியூபில் பார்த்தேன். ஜப்பானிலிருந்து மகள் அனுப்பிய நாட்டோ கே2 காப்ஸ்யூலை 3 வாரமாகச் சாப்பிடுகிறேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.8-லிருந்து 1.7 ஆனதால் அசிட்ரோமைக் கூட்டிவிட்டார்கள். கீரையாலா?
- வாசகி, மன்னார்குடி

கீரை பாவம், அதை விடுங்கள் அம்மா. காரணம் அந்தக் காப்ஸ்யூல். அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அசிட்ரோமைக் கூட்டியிருக்க மாட்டார், காப்ஸ்யூலைத்தான் நிறுத்தியிருப்பார்.

அசிட்ரோம் உடம்பில் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நாட்டோ என்பது புளிக்கவைத்த சோயா; அதைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா உண்டாக்கும் கே2 அந்தத் தடையை உடைக்கிறது. கீரையில் இருக்கும் கே1 சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். நாட்டோவின் கே2 நாள்கணக்கில் தங்கி, தினமும் சாப்பிடச் சாப்பிடச் சேர்ந்துகொண்டே போகும். சிலருக்குத் தினம் 10 மைக்ரோகிராமே ஐ.என்.ஆரை இறக்கிவிடும். உங்கள் டப்பாவில் எத்தனை போட்டிருக்கிறது, பாருங்கள்.

மைட்ரல் உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். 1.7-ல் வால்வின் மேலேயே ரத்தம் கட்டலாம். ராத்திரி அமைதியில் உங்களுக்குக் கேட்கும் அந்த 'டிக் டிக்' சத்தம் மங்கினாலோ, நின்றாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாய் கோணினாலும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் அதேதான். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சத்தம் எப்போதும்போல இருந்தாலும் இன்றைக்கே டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாகக் காப்ஸ்யூலை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் ஆபத்துதான். கே2 மெல்ல வடிந்ததும், கூட்டிய அசிட்ரோம் முழு வேகத்தில் வேலை செய்து ஐ.என்.ஆர். 4, 5 என்று ஏறலாம். ஈறில் ரத்தம், கறுப்பு மலம் எல்லாம் அப்போதுதான் வரும். அதனால் அவர் அசிட்ரோம் அளவைச் சரிசெய்து நிறுத்தச் சொல்லட்டும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐ.என்.ஆர். பாருங்கள், ஒரே நிலைக்கு வரும்வரை.

யூடியூபில் சொன்னதில் பாதி உண்மை. கால்சியத்தை எலும்பில் பிடித்துவைக்கும் புரதத்துக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் படியாமல் தடுக்கும் புரதத்துக்கும் வைட்டமின் கே வேண்டும். ஆனால் டென்மார்க்கில், அயோர்ட்டா வால்வில் கால்சியம் படிந்த ஆண்களுக்கு 2 வருடம் தினம் 720 மைக்ரோகிராம் கே2-வை வைட்டமின் டி-யோடு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: படிவது குறையவில்லை. எலும்பு ஆய்வுகளிலும் ஒன்று பலன் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. இதற்காகவா வால்வைப் பணயம் வைப்பது?

டாக்டர் சொன்ன அளவில் கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், அடைப்பு வருமென்ற பயம் வேண்டாம். வைட்டமின் டி-யை ஒருமுறை பரிசோதியுங்கள். கீரையும் சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக.

மகளிடம் அடுத்த டப்பா அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.